என் கட்டுரையின் முதல் வாக்கியம்

கண்டி ஏரிக்குச் சற்று மேலே இருந்த மிஷன் வளவில், தோட்டப் பாடசாலைகளுக்கும் நகரத்துப் பெண் பாடசாலைகளுக்கும் ஆசிரியைகளைப் பழக்கும் வகுப்பில் நான் படித்தேன். காப்பி செழித்திருந்த கடைசிக் காலம் அது. இலைநோய் வந்துவிட்டது என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் வகுப்புச் சன்னலுக்குக் கீழே ரயில் நிலையத்துக்குப் போகும் காப்பி வண்டிகளின் சத்தம் ஓயவில்லை.

எங்கள் உபாத்தியாயினி யாழ்ப்பாணத்துக்காரர். வடக்கே மிஷன் விடுதியில் படித்தவர். எங்களுக்கு முதல் கட்டுரையாக அவர் தந்த பொருள், இரண்டு சமயங்களை ஒப்பிடுவது. எந்த இரண்டு என்பது எங்கள் இஷ்டம்.

"எழுத முந்தி ஒரு வசனம் வேணும். கட்டுரை முழுக்க அந்த ஒரு வசனத்தைத்தான் நிரூபிக்க வேணும்" என்றார். அதற்கு மையக் கூற்று என்று பெயர் வைத்துக் கரும்பலகையில் ஓர் உதாரணம் எழுதினார்: 'சைவத்துக்கும் இஸ்லாத்துக்கும் சில ஒற்றுமைகளும் சில வேற்றுமைகளும் உண்டு.'

"இதை ஆரும் மறுப்பினமோ?"

எல்லாரும் இல்லையென்று தலையாட்டினோம்.

"மறுக்க ஏலாதெண்டா நிரூபிக்கவும் ஒண்டுமில்லை. எந்த இரண்டு சமயத்துக்கும் இது பொருந்தும். நாய்க்கும் பூனைக்கும்கூடப் பொருந்தும்."

அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதினார்: 'சைவரும் முஸ்லிம்களும் விரதம் இருக்கிறார்கள்.' இது உண்மைச் செய்தி, வாதம் இல்லை என்றார். மூன்றாவதாக எழுதியது: 'இரண்டு சமயங்களும் பசியை வழிபாடாக்குகின்றன, ஆனால் ரமழான் நோன்பு ஊர் முழுவதையும் ஒரே மாதத்தில் சேர்ந்து பசிக்கவைக்கும் கடமை, நேர்ந்துகொண்டு இருக்கும் விரதமோ ஒருவர் தம் தேவைக்காகத் தாமே ஏற்கும் வாக்கு, ஆகவே ஒன்றில் பசி ஊரோடு சேர்க்கிறது, மற்றதில் தெய்வத்தோடு தனியே பேசவைக்கிறது.' இதை ஒருவர் மறுக்கலாம், சைவரும் சேர்ந்து இருக்கும் விரதங்கள் உண்டே என்று கேட்கலாம், அப்படிக் கேட்க இடமிருப்பதால்தான் இது பலமுள்ளது என்றார். எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதும் இதில் தெரிகிறது, அதனால் என்ன என்பதற்கும் பதில் இருக்கிறது.

"இன்னுமொண்டு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே முழக்கோல் பிடியுங்கோ. ஒரு சமயத்தின்ரை புத்தகத்தையும் மற்றச் சமயத்தின்ரை சந்தைக் கூத்தையும் பக்கத்திலை வைக்கக் கூடாது."

அதைக் கேட்டபோதே எனக்கு எழுதவேண்டியது பிடிபட்டுவிட்டது.

நான் ஞானஸ்நானம் பெற்றவள். என் அம்மா பெறவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில், கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இருந்தோம். அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். எனக்குப் பெரியம்மை போட்டது. லயத்தில் இருந்தவர்கள் பாயும் சட்டியுமாக மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அம்மா மட்டும் வேப்பிலையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் பிழைத்ததும், நேர்ந்துகொண்டபடி மாரியம்மன் கோயில் திருவிழாவில் வெறுங்காலோடு தீச்சட்டி ஏந்தினார். உள்ளங்கை கொப்பளித்தது. பிறகு கண்டிக்கு வந்து மஹய்யாவையில் குடியிருந்துகொண்டு, காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்கப் போனார். என்னை மிஷன் விடுதியில் சேர்த்தவரும் அவர்தான்.

ஆகவே ஆபத்தில் மனிதர் கடவுளிடம் எப்படிக் கேட்கிறார் என்பதை வைத்து, எங்கள் ஜெபத்தையும் அம்மாவின் நேர்த்தியையும் ஒப்பிட நினைத்தேன். முதலில் எழுதியது இது: 'கிறிஸ்தவர்கள் கடவுளிடம் தங்களை ஒப்படைக்கிறார்கள், சைவர்கள் நேர்த்தி வைக்கிறார்கள்.' எழுதிவிட்டுப் பெருமையோடு பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினேன். அவள் கம்பளை ஊர்க்காரி, என்னைவிட மூத்தவள், அவளும் கிறிஸ்தவள்தான்.

"அக்கா, எப்படி இருக்கு?"

வாசித்துவிட்டுச் சிரித்தாள். "நானும் கிறிஸ்தவச்சிதானே? எந் தம்பிக்குக் காய்ச்சல் வந்தப்ப, பொழைச்சா கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி தாறேன்னு சொல்லித்தான் ஜெபம் பண்ணேன். அது நேர்த்தி இல்லாம வேற என்னா? சைவக்காரவுங்க எல்லாருமா நேர்த்தி வைக்கிறாங்க? எல்லாரையும் ஒரே கூடையில போட்டுட்டியே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னது சரி. 'கிறிஸ்தவர்கள்', 'சைவர்கள்' என்று மொத்தமாகச் சொல்வதை விட்டேன். எங்கள் மிஷன் கோயிலில் கற்பிக்கும் ஜெபத்தையும், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைக்கும் நேர்த்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அடித்தும் திருத்தியும் கடைசியில் வந்தது இது:

'எங்கள் மிஷன் கற்பிக்கும் ஜெபமும் தோட்டத்து மாரியம்மனுக்கு வைக்கும் நேர்த்தியும் ஆபத்தில் பிறக்கும் வேண்டுதல்களே, ஆனால் ஜெபம், கேட்டவர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுப்பதில் நம்பிக்கையைக் காட்டுகிறது, நேர்த்தி, கொடுத்த வாக்கை உடம்பால் நிறைவேற்றுவதில் காட்டுகிறது, ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நம்பிக்கையின் அளவில் இல்லை, நம்பிக்கை எதைக் கொண்டு பேசுகிறது என்பதில் இருக்கிறது.'

அதன் கீழே அம்மாவின் தீச்சட்டியை எழுதினேன். எங்கள் கோயிலில், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மறுவாரமே முழந்தாளிட்ட ஒரு தாயையும் எழுதினேன். இரண்டுமே நான் கண்ணால் கண்டவை. உபாத்தியாயினி வாசித்து, "இது வசனம்!" என்றார். அவர் வாயால் அப்படி வருவது அபூர்வம்.

பிறகு பாதிரியார் வகுப்பைப் பார்வையிட வந்தார். சீமையிலிருந்து வந்து, புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் கற்றவர். என் கட்டுரையை எடுத்து முழுவதும் வாசித்தார்.

"மிகவும் நேர்த்தியான நடை. ஆனால் முதல் வாக்கியம் தவறு" என்றார். சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினார்: 'கிறிஸ்து மார்க்கம் அன்பினால் ஆனது, சைவ வழிபாடோ பயத்தினால் ஆனது.'

"இதுவே பலமான கூற்று. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை."

உபாத்தியாயினியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எழுந்து நின்றேன்.

"ஐயா, சந்தேகத்துக்கு இடமில்லன்னா எதுக்குங்க கட்டுரை? நம்ம பக்கத்துல வேதம் சொல்றத எடுத்துக்கிட்டு, அவுங்க பக்கத்துல நாம வெளியில நின்னு பாத்தத வைக்கிறீங்க. அன்புங்கிறது நம்ம ஆசை. பயங்கிறது அவுங்க மேல நாம சொல்ற குத்தம். ரெண்டும் ஒரே அளவு இல்லீங்களே."

"நீ கிறிஸ்தவளா, இல்லையா?"

"கிறிஸ்தவச்சிதாங்க. அதுக்காக எங்கம்மா பயந்தாங்கன்னு எழுத முடியுமா? பயந்தவங்கதான் லயத்த விட்டு ஓடுனாங்க."

அவர் முகம் சிவந்தது. உபாத்தியாயினியிடம் திரும்பி, "இவற்றை நீரா கற்பித்தீர்?" என்று கேட்டார்.

உபாத்தியாயினி தலை நிமிர்ந்து, "ஓம் ஐயா, நான்தான் படிப்பிச்சனான். பிள்ளையின்ரை வசனத்திலை பிழையில்லை" என்றார். பாதிரியார் என் கட்டுரைத் தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் மிஷன் மாதப் பத்திரிகை வந்தது. கம்பளை அக்காதான் அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. 'ஒரு தோட்டத்துப் பெண் எழுதியது' என்று போட்டு என் கட்டுரையை அச்சடித்திருந்தார்கள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, முதல் வாக்கியத்தைத் தவிர. அங்கே பாதிரியாரின் வாக்கியம் இருந்தது. அதன் கீழே அம்மாவின் தீச்சட்டி, கொப்பளித்த உள்ளங்கை, வெறுங்கால். நான் வாக்குத் தவறாமைக்குச் சாட்சியாக எழுதியது, பயத்துக்குச் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது. இதை எழுதும்போதும் அந்தத் தாள் என் கண்ணுக்குமுன் நிற்கிறது. எழுதியவளையே தன் தாய்க்கு எதிராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார் அந்த மனுஷர்.

அன்றைக்கே பாதிரியாரின் பங்களாவுக்குப் போனேன். உபாத்தியாயினியும் கூட வந்தார். நான் அழைக்கவில்லை, சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு அவராகவே நடந்தார்.

பாதிரியார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு வாக்கியம்தானே மாற்றினேன். மற்றவை எல்லாம் உன்னுடையவையே" என்றார்.

"அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தாங்க மத்ததெல்லாம் எழுதுனேன். அத எடுத்துட்டா மிச்சம் என்னுதில்ல. அடுத்த மாசம் என் வாக்கியத்தப் போடுங்க. இல்லாட்டி இது நான் எழுதுனதில்லன்னாவது போடுங்க."

"உன் பெயர் எங்கும் இல்லையே. உனக்கு என்ன நஷ்டம்?"

"ஐயா, எழுதினவ கேக்கிறாள்" என்று உபாத்தியாயினி சொன்னார். அவர் அங்கிருந்து அசையவில்லை.

பத்திரிகை திருத்தப்படவில்லை. உபாத்தியாயினியிடமிருந்து கட்டுரை வகுப்பை எடுத்துவிட்டு, அவரைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். அத்தனை படித்த பெண்மணி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நான் அந்த வகுப்பை விட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கேட்டுவிட்டு, "நீ எழுதுனத சொல்லு" என்றார். சொன்னேன். "விட்டுக்கொடுக்கிறதுன்னா என்னா, உங்க சாமி கேக்காமலே எடுத்துக்குமா?" என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் எங்களுக்குள் அதே தர்க்கம்தான். என் வாக்கியத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் நான் சொன்னது என்ன என்று விளங்கிக்கொண்டுதான் மறுத்தார். பத்திரிகை வாசித்த ஒருவருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

விஷயம் நகரத்தில் பரவியது. சைவ வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு பெண் பாடசாலை தொடங்கவிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு, கதிரை போட்டு உட்காரவைத்து, "தங்கச்சி, உங்க துணிச்சல பத்திக் கேள்விப்பட்டோம். பாதிரிக்குப் பதில் எழுதிக் குடுங்க, அச்சடிக்கிறோம். வேலையும் உங்களுக்குத்தான்" என்றார்கள். எப்படித் தொடங்கவேண்டும் என்பதையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்: 'சைவம் அன்பினால் ஆனது, கிறிஸ்து மார்க்கமோ ஆசை காட்டி ஆள் பிடிப்பது.'

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுவும் பாதிரியார் வாக்கியந்தாங்க, பேரு மட்டும் மாறியிருக்கு" என்றேன். "உங்க பக்கத்துல நல்லதையும் அவுங்க பக்கத்துல கெட்டதையும் வைக்கிறீங்க. இத நிரூபிக்க என்னால முடியாது."

கூட்டத்தில் பெரியவராக இருந்தவர், "அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே முழக்கோல் புடிக்கிற பக்கங்க" என்றேன். என் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போயிற்று. பிறகு ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கொழுந்துவிட்ட காப்பிச் செடிகளில் இலைநோயின் செம்மஞ்சள் பொடி படியத் தொடங்கிய வருஷம் அது. தோட்டத்துத் துரைக்கு என் சமயமும் தெரியாது, என் கட்டுரையும் தெரியாது. பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்தால் போதும் என்றார்.