எழுத்துக்கு ஆறு

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று என் மனைவிக்குத் தாதி வேலை தர ஒப்புக்கொண்டது. ஆங்கிலத் தேர்வு முடிவை மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் இடம் போய்விடும். துணைக்குப் போகும் எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் இருந்தால் போதுமாம். அந்தக் கொஞ்சமாவது இருக்கிறதா என்ற சந்தேகத்தில், அவளோடு நானும் அதே தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன்.

அலோர் காஜாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வகுப்பறையானது. திட்டம் அவளுடையது. முதல் மாதம் கேட்பதும் படிப்பதும். 'இரண்டு சொல்லுக்குள்' என்றிருந்தால் மூன்று சொல்லில் எழுதிய விடைக்கு மதிப்பெண் இல்லை. பத்தியில் இல்லாததையெல்லாம் நான் 'பொய்' என்று குறித்து வந்தேன். அதற்குச் 'சொல்லப்படவில்லை' என்று தனி விடை இருக்கிறது. பேச்சும் முழு மாதிரித் தேர்வுகளும் கடைசி மாதத்துக்கு. ஒப்பித்தால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார் என்றாள். எனக்கு எதுவும் மனப்பாடம் ஆகாது. அந்த ஒரு குழியில் மட்டும் நான் விழவில்லை.

நடு மாதம் எழுத்து. வரைபடத்தை விவரிக்க இருபது நிமிடம், கட்டுரைக்கு நாற்பது; கட்டுரைக்கு மதிப்பும் இரண்டு மடங்கு. ஆனால் வார்டில் ஓர் எண்கூட விடாமல் குறித்துப் பழகியவள், வரைபடத்தின் எல்லா எண்களையும் எழுதினாள். நான் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இரண்டு வரியில் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதி முடிக்கிறவன்.

"என்னங்க, ரெண்டே நம்பர்தான் இருக்கு. மத்ததெல்லாம் எங்க?"

"ஏறுச்சு, எறங்குச்சு, கடைசியில ஏறி நிக்குது. இதுக்கு மேல எதுக்குலா?"

"நீங்க சார்ட் எழுதுனா பேஷண்ட் போய்ச் சேந்துருவாரு."

"நீ ரிப்போர்ட் எழுதுனா ஆலை வெடிச்சப்புறந்தான் பாஸ் படிச்சு முடிப்பாரு, மிஸி."

தாதிகளை எங்கள் ஊரில் கூப்பிடும் அந்த 'மிஸி'யைக் கேட்டதும் சிரித்தாள். முக்கியமான போக்கை மட்டும் சொல்லப் பழகியும்கொண்டாள்.

தேர்வன்று பதற்றத்தில் அவள் கை பழைய வழக்கத்துக்கே போய்விட்டது. கணினித் திரையின் கடிகாரத்தை அவள் கவனித்தபோது பாதி நேரத்துக்கு மேல் வரைபடத்திலேயே கரைந்திருந்தது. கட்டுரை முடிவுரை இல்லாமல், கேட்ட சொல் எண்ணிக்கைக்கும் குறைவாக நின்றது.

முடிவு வந்தது. ஒன்பதுக்கு அவளுக்கு மொத்தம் ஏழரை, எழுத்துக்கு ஆறு. எனக்கு மொத்தம் ஆறு, எழுத்துக்கு ஆறரை.

"மொத்தம் ஏழரை இருக்கே," என்றேன்.

"மொத்தத்த வச்சு என்ன செய்ய? ஒவ்வொன்னுலயும் தனியா வேணும். எழுத்துக்கு ஆறரை."

"என்னோடத எடுத்துக்கோ."

அவள் சிரிக்கவில்லை. மறுபடி எழுதலாம், ஆனால் அதன் முடிவு வருவதற்குள் கெடு தாண்டிவிடும். கூடுதல் அவகாசம் கேட்டு எழுதினாள். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

வாசித்துவிட்டு, தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். சீருடையை மாட்டிக்கொண்டு மாலை ஷிப்டுக்குக் கிளம்பினாள். நான் மேசையில் தனியாக உட்கார்ந்து என் சான்றிதழைப் பார்த்தேன். இரண்டு வருடம் செல்லுபடியாகுமாம். துணைக்குப் போகிறவன் நான். அவளே போகாத ஊருக்கு யாருக்குத் துணையாகப் போவது?