ஞாயிற்றுக்கிழமை விற்காத முறுக்கு

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் கணக்குத் தணிக்கை செய்யும் மங்களேஸ்வரி, மார்க்கெட்டில் தேங்காயைக்கூட இரண்டு முறை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கிள்ளானில் ஆன்லைனில் முறுக்கு விற்கும் தயாநிதியின் கடைக்கு இந்த வருடக் கணக்கைப் பார்க்க வந்திருந்தாள். ஆயிரக்கணக்கான சில்லறை விற்பனைகளும் வாடிக்கையாளர் ஆன்லைனில் கட்டுவதை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனம் கடையின் வங்கிக் கணக்கில் போட்ட பணமும் ஒரு சென்கூடப் பிசகாமல் ஒத்துப்போயின. அதுதான் அவளை உறுத்தியது. கேட்வே தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, வேலை நாட்களில் மட்டுமே பணம் போடும். அப்புறம் எப்படி ஒத்துப்போகும்?

"பத்து வெள்ளி பாக்கெட்ட ஒன்பது எழுபதுக்கா வித்தீங்க? வருஷம் முழுக்க ஒரு ஞாயித்துக்கெழமகூட விக்கலையா?"

"அன்னிக்கு எல்லாரும் கோயிலுக்குப் போயிடுவாங்க லா, அக்கா."

"கேட்வே அனுப்புன கணக்கயே விற்பனைக் கணக்குன்னு காப்பி பண்ணிட்டீங்க. ஒத்துப்போகாம என்ன செய்யும்? கடை ஆர்டர் லிஸ்ட்டயும் கொரியர் பில்லயும் எடுங்க."

தயாநிதி எழுந்திருக்கவில்லை. மங்களேஸ்வரி பக்கத்தில் அடுக்கியிருந்த பார்சல்களில் ஒன்றைத் திருப்பினாள். அடுத்த முறை கேட்வே இல்லாமல் நேரடியாகக் கட்டினால் ஒரு வெள்ளி குறைவு என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதன் கீழே, பணம் கட்ட வேண்டிய கியூஆர் கோடு அவன் மனைவியின் வங்கிக் கணக்குப் பெயரில் இருந்தது.