ஆடி மாதம் தாங்குகிற வண்டி

தூத்துக்குடி போல்டன்புரத்தில் குடியிருந்த எபனேசருக்கு முப்பத்தெட்டு வயது. தொழில், கல்யாணப் படம் எடுப்பது. சொந்த ஸ்டூடியோ கிடையாது. தோளில் ஒரு தோல்பை, அதற்குள் காமிரா, பிளாஷ், நாலு ரோல் பிலிம். படம் கழுவ மட்டும் சினேகிதர் ஒருவரின் இருட்டறை. சம்பளம் என்று ஒன்று அவர் கையைத் தொட்டதே இல்லை. முகூர்த்தம் இருந்தால் காசு, இல்லாவிட்டால் கொட்டாவி.

ஊரில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பஸ் போட்டோக்காரர்’. சொன்னவன் எவனோ, சரியாகத்தான் சொன்னான். மணப்பாட்டில் திருமணம் என்றால் திருச்செந்தூரில் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. கோழிக்கூடைக்கும் கருவாட்டு மூட்டைக்கும் நடுவில் தோல்பையைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போவார். போய் இறங்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். அதற்குப் பிறகு சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும்.

அந்த வருடம் வைகாசியில் அவருக்கு அலுத்துவிட்டது. வரும் ஆவணியில் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் கேட்டு வந்திருந்தார்கள். ஒன்று தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், விடியற்காலை முகூர்த்தம். மற்றது மணப்பாட்டில், பத்து மணிக்குக் கோயிலில் பூசை. இந்துக்கள் விடியுமுன் தாலி கட்டுகிறார்கள், கத்தோலிக்கர் வெயில் ஏறிய பிறகு கட்டுகிறார்கள். ஆண்டவனே பார்த்துப் படக்காரனுக்காகப் பிரித்துக் கொடுத்த மாதிரி ஏற்பாடு. ஆனால் நடுவில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. எந்த பஸ்ஸும் அந்த நேரத்துக்குக் கொண்டு சேர்க்காது. மோட்டார் சைக்கிள் இருந்தால் சேரலாம்.

மோட்டார் சைக்கிளும் தேடி வந்தது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்த ரோச் கப்பல் வேலை கிடைத்துப் பம்பாய்க்குப் புறப்பட இருந்தான். அவனுடைய ஜாவா மூவாயிரம் ரூபாய். ஓடிய வண்டிதான், ஆனாலும் டேங்கில் முகம் தெரிந்தது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்த எபனேசர், இறங்கும்போது ஐம்பது ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டார். மனிதர் அவ்வளவு சுலபமாக விழுவார் என்று ரோச்சே எதிர்பார்க்கவில்லை.

மூன்று வருடமாகத் தபாலாபீஸ் புத்தகத்தில் சேர்த்தது, அச்சாரத்தையும் கூட்டி, ஆயிரம். மீதி இரண்டாயிரத்துக்குச் சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியிடம் போனார். அண்ணாச்சி லாரிக்கும் வண்டிக்கும் தவணைக்குப் பணம் கொடுப்பவர். சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்; நாசரேத்தில் வாத்தியாராக இருக்கும் அண்ணன் பொன்னுதுரை போடுவதாகச் சொல்லியிருந்தார். வருடத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, அதுவும் கடைசிவரை முழு இரண்டாயிரத்துக்கும். இருபத்துநாலு தவணை, மாதம் நூற்றுமூன்று ரூபாய் சில்லறை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் அண்ணாச்சி பெயர் ஏறும், மூன்று தவணை தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார். இதையெல்லாம் அண்ணாச்சி காப்பி வாங்கிக் கொடுத்துப் பிரியமாகத்தான் சொன்னார்.

எபனேசர் வீட்டுக்கு வந்து மனைவி தேவகனியிடம் கணக்கை விரித்தார். அவர் கணக்கு நல்ல கணக்கு. போன வருட வரவு நாலாயிரத்து முந்நூற்று இருபது. பிலிம், பேப்பர், படம் கழுவும் மருந்து, பஸ் செலவு போக மூவாயிரம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் இருநூற்றைம்பது. வீட்டுக்கு இருநூற்றுப் பத்து, மிச்சம் நாற்பது. வண்டி வந்தால் ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வருடத்துக்குக் குறைந்தது ஏழு கிடைக்கும், அதில் மாதத்துக்கு முப்பத்தைந்து. ஆக எழுபத்தைந்து. பாக்கியை எங்கேயாவது இழுத்துப் பிடிக்கலாம் என்றார். பெட்ரோலை அவர் சொல்லவே இல்லை. அரபு நாட்டுக்காரன் விலையை ஏற்றிய பிறகு லிட்டர் மூன்று ரூபாய்க்கு மேல் போயிருந்தது. மறந்துபோகிற சங்கதியா அது.

தேவகனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். அவளுக்கு வகுக்கத் தெரியாது என்று எபனேசர் நினைத்திருந்தார். அவள் வகுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“போன ஆடில என்ன வந்துச்சு?”

நோட்டைப் புரட்டினார். ஆடியில் கல்யாணம் ஏது? காயல்பட்டினத்தில் துபாய்க்குப் புறப்பட்ட நாலைந்து பேருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்தது. ஐம்பத்தெட்டு ரூபாய். மார்கழியும் அப்படித்தான், தவக்காலத்தில் கடற்கரைக் கல்யாணங்களும் கிடையாது. ஆனாலும் வைகாசியில் அறுநூறு வந்ததே, சராசரிதானே கணக்கு என்றார்.

“அண்ணாச்சி சராசரியா வாங்குவாரு? மாசாமாசம்லா கேப்பாரு. ஐம்பத்தெட்டுல நூத்திமூணு எப்படிக் கட்டுவீங்க?”

எபனேசருக்குக் கோபம் வந்தது. போன ஆடியில் நாம் பட்டினியா கிடந்தோம், எப்படியோ ஓடத்தானே செய்தது, தபாலாபீஸ் பணத்தில் ஒரு பைசா தொட்டேனா என்று கேட்டார். தொடாமல் சமாளித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தேவகனி முறத்தைக் கீழே வைத்தாள்.

“என் சங்கிலி கொக்கி போச்சு, பெட்டில இருக்குன்னு சொன்னம்லா. பெட்டில இல்ல. மார்க்கெட்டு அடகுக்கடைல இருக்கு. இருநூத்தி எண்பதுக்கு வச்சேன். அதுலதான் ஆடி ஓடிச்சு, மார்கழியும் ஓடிச்சு. சொன்னா காமிராவ வித்துருவீங்கன்னு சொல்லல.”

பத்து மாதமாக அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஊரில் உள்ள பெண்கள் கழுத்தையெல்லாம் வெளிச்சம் பார்த்து, கோணம் பார்த்து, நகை பளிச்சென்று விழும்படி எடுக்கிறவர். எபனேசருக்கு அவமானமாக இருந்தது. அழுகைகூட வந்தது; அசதியில் அதுவும் முழுசாக வரவில்லை. அந்த ஆயிரம் முழுக்கத் தன் சேமிப்பு இல்லை, கால்பங்குக்கு மேல் அவள் கழுத்திலிருந்து இறங்கியது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் ரோச்சிடம் போனார். வேறு ஆள் பார்த்துக்கொள் என்று சொன்னார். ரோச் திட்டுவான் என்று நினைத்தார். அவன் ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, “தவணைல வாங்கி அவஸ்தப்பட்டுதான் நானே கப்பலுக்குப் போறேன் அண்ணே” என்றான். மணப்பாட்டு வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார், ஆவணிக்கு வேறு படக்காரரை ஏற்பாடு செய்துகொள்ளும்படி. அந்தக் கார்டை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

தபாலாபீஸ் பணத்தை எடுத்தார். சங்கிலிக்கு முதலும் வட்டியுமாக முந்நூற்று இருபத்திரண்டு. மீதியில் ஐந்நூறுக்கு ஒரு பழைய சுவேகா மொபெட் வாங்கினார், ரொக்கத்துக்கு. ஜாவாவில் பாதிகூடப் பெட்ரோல் குடிக்காது. மேட்டில் மிதித்துத்தான் ஏற்ற வேண்டும். மணப்பாட்டுக்கு ஒரே மூச்சில் போக அதை நம்ப முடியாது. புதுக்கோட்டைக்கும் காயல்பட்டினத்துக்கும் போதும். வண்டியை வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது எதிர்வீட்டு பிளாரன்ஸ் எட்டிப் பார்த்து, ஜாவா என்றார்களே என்று கேட்டாள். எபனேசர் பெட்ரோல் மூடியை ஒரு தடவை இறுக்கிவிட்டு உள்ளே போனார்.

தேவகனி சங்கிலியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். முகம் மலரும் என்று பார்த்தார். அவள் கொக்கியை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

“நல்லதாப் போச்சு. இந்த ஆடிக்கு வைக்க ஆச்சு.”

எபனேசர் சட்டைப்பையில் மிஞ்சியிருந்ததை எடுத்தார். நூற்று எழுபத்தெட்டு ரூபாய். அதை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார்.

“ஆடிக்கு மொதல்ல இது. கழுத்துல கைய வைக்கதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லணும்.”

அவள் தலையாட்டினாள். பிறகு விரலை விரித்து, அந்தப் பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.