பெயர் சொல்லாத வெற்றி

தறி மோட்டார் விற்கும் எங்கள் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம், திருத்தணியில் மலையடிவார மண்டபம் ஒன்றில் நடந்தது. பரிசு கொடுக்க, ஓய்வுபெற்ற என்னையும் அழைத்திருந்தார்கள். எதிரே டீலர்கள். பாதிப் பேர் எங்கள் போட்டிக் கம்பெனிக்கும் டீலர்கள்.

விற்பனை அதிகாரியான இளம்பெண் தன் கணக்கைக் காட்டினாள். இலக்கைத் தாண்டியிருந்தாள். புதிய வாடிக்கையாளரை "ஒரு நெசவு ஆலை" என்று மட்டும் குறிப்பிட்டாள். முறை அதுதான்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "பேர் சொன்னாத்தானேம்மா கைதட்டுவாங்க?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்குதுங்க சார்."

"இங்க யாரு வெளியாளு? பள்ளிப்பட்டுல புது ஷெட்டு போட்டுகினு இருக்காரே, அவருதானே?"

அந்த ஆலைக்காரரை அக்கா கணவர் முறையில் 'பாவா' என்று அழைக்கும் ஒரு டீலர் சிரித்தார். "ஆங், நம்ம பாவாவா! சொல்லவே இல்ல பாரு!"

பள்ளிப்பட்டில் அப்படி ஷெட் போடுபவர் ஒருவர்தான். தறிகளைப் பெருக்குவது தெரிந்தால், பக்கத்து ஆலைக்காரர் கூலியை ஏற்றி இவருடைய ஆட்களை இழுத்துக்கொள்வார் என்றுதான் அவர் ரகசியம் கேட்டிருந்தார்.

பேச்சு காதுக்கு எட்டியதும், மறுநாளே அந்த வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தார். அந்தப் பெண் இலக்கிலிருந்து கீழே விழுந்தாள். அதோடு நிற்கவில்லை. ரகசியம் காக்கத் தவறியதாக அவளிடமே விளக்கம் கேட்டார் மேலாளர்! வெட்கம் என்பது பதவி உயர்வின்போது கழற்றி வைக்கும் பொருள் போலும்.

நடந்ததைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வாடிக்கையாளரின் பெயரை எழுதவில்லை. மேலாளரின் பெயரை முழுதாக, பதவியோடு எழுதினேன்.