வாடை இல்லாத தள்ளாட்டம்

என் அண்ணன் குடிகாரர். காஜா பெராங் பகுதியில் எங்கள் வரிசை வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆற்றோரக் கிடங்குகளில் மூட்டை தூக்கிவிட்டு நேராகச் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்குப் போவார். வீட்டில் அண்ணி ஆக்கி வைத்த சோறு மூடியபடியே கிடக்கும். சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்பார். வருஷக்கணக்கில் அவருக்குச் சோறு, குழம்பு எல்லாமே அந்தச் சம்சுதான்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வந்த மாசி மகத்துக்குக் காவடி எடுப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அண்ணி முழுகாமல் இருந்தார். நாடே விடுதலை ஆகிவிட்டது, நான் இந்தச் சனியனிடமிருந்து விடுதலை ஆகமாட்டேனா என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறக்கப் போகிற பிள்ளை தன்னைக் குடிகாரனாகப் பார்க்கவே கூடாதாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் அப்போது அரசாங்க மருத்துவமனையில் தாதி. தங்குவது அங்கேயே விடுதியில், லீவு கிடைத்தால்தான் வீடு.

விரதத்துக்கு வழிகாட்ட அடுத்த வீட்டு மாமா இருந்தார். பல வருஷம் காவடி எடுத்தவர். அவர் சொன்னால் வரிசையில் மறுபேச்சு கிடையாது. ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் பச்சரிசிக் கஞ்சி, கொஞ்சம் பால் என்றார். நல்ல உடம்புக்காரன் அதைத் தாங்குவான். அண்ணன் உடம்பில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. குடியை விட்ட முதல் சில நாள் கை உதறியது, பிறகு அடங்கியது. ஆனால் குடித்த கஞ்சியையும் வாந்தி எடுத்தார். அண்ணி தெம்புக்கு என்று சந்தையில் குளுக்கோஸ் மாவு வாங்கி வந்து நாள் முழுக்கக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அண்ணன் தள்ளாட ஆரம்பித்தார்.

குடிகாரன் தள்ளாடினால் யார் என்ன நினைப்பார்கள்? விரதத்தை முறித்துவிட்டான் என்று மாமா முடிவு கட்டினார். ஆளைப் பிடித்து உட்காரவைத்து வாயை முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாடையே இல்லை. அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. வாடை அடிக்காத சாராயம் ஏதோ கிடைத்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அப்படி ஒரு சாராயம் இருந்திருந்தால் ஊரிலுள்ள குடிகாரனெல்லாம் பெண்டாட்டியிடம் தப்பித்திருப்பான். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நேர்த்திக்கடன்காரன் தள்ளாடுவதை நாலு பேர் பார்த்தால் அசிங்கமாம்.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. லீவில் வந்தபோதுதான் பின்னறைக் கதவில் பூட்டைப் பார்த்தேன். திறக்கச் சொன்னதற்கு அண்ணி மாமாவின் முகத்தைப் பார்த்தார். நான் கத்திய கத்தில் அண்ணியே சாவியை எடுத்துவந்தார்.

அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“ரெண்டு பேரா வந்துருக்கீங்க?”

நான் தனியாகத்தான் நின்றேன். விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, பக்கவாட்டில் நகர்த்தி, கண்ணால் பார்க்கச் சொன்னேன். கருவிழி ஓரம் வரை போகவில்லை. பாதியில் நின்று வெடுக்வெடுக்கென்று துடித்தது. எழுப்பி நிறுத்தினால் காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது எந்த ஊர், என்ன மாதம் என்று கேட்டால் கிடங்கு, மூட்டை என்று எதையோ சொன்னார். வார்டில் இப்படி வந்த குடிகாரர்களைப் பார்த்திருக்கிறேன். குழப்பம், கண், நடை. டாக்டர் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் காட்டுவார். மூன்றும் சேர்ந்துதான் வரவேண்டும் என்பதில்லை, குடிகாரரிடம் ஒன்று இருந்தாலே சந்தேகப்படுங்கள், ஊசி போடக் காத்திருக்காதீர்கள் என்பார். இங்கே மூன்றும் என் வீட்டுப் பின்னறையிலேயே உட்கார்ந்திருந்தன.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். மாமா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“விரதத்துல இருக்கறவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதாம்மா? ரெண்டு நாள் கெடக்கட்டும், தெளிஞ்சிடும்லா.”

“அவரு குடிக்கல மாமா. குடிச்சிருந்தாதானே தெளியும்.”

அதற்கு மேல் எனக்கு அவரோடு பேசப் பொறுமை இல்லை. முச்சந்தியிலிருந்து டாக்சி பிடித்து வந்தேன். அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வயிற்றுப் பிள்ளைக்காரி புருஷனைத் தாங்கிக்கொண்டு நடந்ததை வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. அசிங்கம் என்று பயந்தவர்கள் அன்று கூச்சமில்லாமல் வாசலில் நின்றார்கள்.

வார்டிலும் எனக்குத் தலைவலிதான். ஆள் வற்றிப்போயிருக்கிறார் என்று டாக்டரின் உதவியாளரான டிரஸர் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிவந்தார். முதலில் ஊசி என்றேன். அவர் என்னை முறைத்தார். நல்லவேளை டாக்டர் வந்துவிட்டார். வைட்டமின் பி1 இல்லாமல் குளுக்கோஸ் தொடக்கூடாது என்று சொல்லி, அவரே நரம்பில் ஊசியை ஏற்றினார். அப்புறம்தான் பாட்டில் தொங்கியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணிக்கு விளக்கினேன். சர்க்கரை விறகு மாதிரி, இந்த வைட்டமின் நெருப்புக்குச்சி மாதிரி. மூளை சர்க்கரையை எரித்துத்தான் வேலை செய்கிறது. குடிகாரர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலிருந்தும் குடல் அந்த வைட்டமினை இழுத்துக்கொள்ள சாராயம் விடுவதில்லை. ஏற்கெனவே குச்சி தீர்ந்துகொண்டிருந்தது. பச்சரிசிக் கஞ்சியில் அது பேருக்குத்தான் இருக்கும். அதையும் வாந்தி எடுத்தாயிற்று. குளுக்கோஸைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்ததில் மிச்சம் இருந்ததும் செலவாகிவிட்டது. குச்சி இல்லாத மூளை வெகுநாள் தாங்காது, அப்படியே கெட்டுப்போகும். உடனே ஊசி போட்டால் மீட்டுவிடலாம், தள்ளிப்போட்டால் போனது திரும்பாது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தள்ளாடுன அன்னிக்கே வந்திருந்தா?”

முழுசாகத் தேறியிருக்கலாம் என்று சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

மறுநாளே கண் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போக ஆரம்பித்தது. என்னை ஒருத்தியாகப் பார்த்தார். வார்டில் எல்லாருக்கும் சிரிப்பு, எனக்கும்தான். ஊசி தொடர்ந்தது. சில வாரத்தில் காலை அகட்டி அகட்டியாவது தனியாக நடந்தார். மாமா பழச்சீப்போடு பார்க்க வந்து, எல்லாம் ஆண்டவன் கிருபை, தெளிந்துவிட்டான் பார்த்தாயா என்றார். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டேன். அவரிடம் என்ன விளக்குவது? காலையில் டாக்டர் வந்துபோனதே அண்ணனுக்கு மத்தியானம் நினைவில்லை. கல்யாணம், கிடங்கு, பழைய சண்டை எல்லாம் சரியாகச் சொல்வார். புதிதாக நடப்பது எதுவும் உள்ளே தங்கவில்லை. இது வருமோ வராதோ, பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்த்தோம். வரவில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு குடிக்கவே இல்லை. கீரை, முட்டை, பயறு, மாத்திரை எல்லாம் நேரத்துக்கு அண்ணி கொடுத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. அண்ணி தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அண்ணனின் முகம் மலர்ந்துவிடும். இரண்டு கையையும் நீட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார்.

“யாரு புள்ள இது? அழகா இருக்கே.”

“நம்ம புள்ளதாங்க,” என்பார் அண்ணி.

அண்ணனுக்கு நம்பவே முடியாது. கண் கலங்கிவிடும். நிஜமாகவா, எப்போது பிறந்தது, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அண்ணி முதலிலிருந்து சொல்லுவார். சொல்லி முடித்து, பால் காய்ச்ச உள்ளே போய்த் திரும்புவதற்குள் அவர் குழந்தையைப் பத்திரமாக நீட்டியபடி உட்கார்ந்திருப்பார், யாருடையதோ, அழுவதற்கு முன் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று.