ஹெட்ஃபோனில் கேட்ட கீபோர்டு

நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒரு பழைய கீபோர்டு வாங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

நான் தில்லியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குப் பாட்டுக் குழுவோடு கீபோர்டு வாசிப்பேன். நர்ஸிங் படிக்கும்போது ஹாஸ்டல் சேப்பலில் கற்றுக்கொண்டது. வீட்டில் வாசித்துப் பழக எனக்கென்று எதுவும் இருந்ததில்லை. புதியது வாங்கும் விலையைப் பார்த்துவிட்டு, பழைய சாமான் விற்கும் ஆப்பில் தேட ஆரம்பித்தேன்.

முதல் ஆள் ஜனக்புரி. ஆர்.கே.புரத்திலிருந்து மெட்ரோவில் போய் வாசலில் மணி அடித்தால், "இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டுப் போனார் தீதி" என்றான், அக்கா முறை வைத்து. ஒரு போன் செய்திருக்கக்கூடாதா? இரண்டாவது ஆள் விலாசமே தரவில்லை. முதலில் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பினால்தான் தருவானாம்; க்யூஆர் கோடு மட்டும் உடனே வந்தது. பார்க்காத பொருளுக்குப் பணம் தரமாட்டேன் என்று எழுதினேன். என்னை பிளாக் செய்துவிட்டான். மூன்றாவது, பட்டேல் நகர். படத்தில் பளபளவென்று இருந்தது. வாசித்துப் பார்த்தால் நடுவில் நாலு கட்டை அமுங்கினால் எழவில்லை. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் எல்லாக் கட்டையிலும் ஒரே சத்தம். தொடுதலுக்கு ஏற்ப ஒலிக்கும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தானே என்று கேட்டேன். "பச்சோங் கே லியே டீக் ஹை" என்றான். குழந்தைகளுக்கு இது போதுமாம். நான் குழந்தைக்காக வரவில்லை, எனக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

"புதுசே வாங்கிருவோம், விடு. எத்தனை வாரம் இப்படி அலையுதே?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் திருநெல்வேலிக்காரர்; தில்லியில் இருபது வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. எனக்கு அதற்குள் வீம்பு வந்துவிட்டது.

நாலாவது, துவாரகாவில் ஒரு மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். உதட்டில் விரல் வைத்து, "பேபி தூங்குது தீதி, மெதுவா" என்றான். மேஜையில் கீபோர்டு தயாராக இருந்தது. ஹெட்ஃபோனை அதில் ஏற்கெனவே செருகி வைத்திருந்தான்.

இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று மனதில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை, கறுப்புக் கட்டை வெள்ளைக் கட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி வாசித்தேன். மெதுவாகத் தொட்டால் மெல்ல ஒலித்தது, ஓங்கினால் உரக்க ஒலித்தது. அடாப்டர் செருகும் இடத்தை ஆட்டிப் பார்த்தேன். கரண்ட் விட்டுப் போகவில்லை. பெடலை மிதித்துப் பார்த்தேன். கையை எடுத்த பின்னும் சுரம் நீண்டு ஒலித்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினேன், கரகரப்பு இல்லை. அரை மணி நேரம் அணைக்காமல் வைத்து அடாப்டரைத் தொட்டும் பார்த்தேன். வெதுவெதுப்புதான், சூடு இல்லை.

"ஒரு நிமிஷம் ஸ்பீக்கர்ல கேட்கலாமா?" என்றேன்.

"இப்பதான் தூங்க வச்சோம் தீதி. ராத்திரி முழுக்கக் காய்ச்சல்."

காய்ச்சல் என்றதும் ஸ்பீக்கர் பேச்சை விட்டுவிட்டேன். குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறவள் நான். மருந்து கொடுத்தீர்களா, தண்ணீர் குடிக்கிறதா என்று நானே கேட்டு, நாலு வார்த்தை சொல்லி, சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஹெட்ஃபோன் இல்லாமல் போட்டேன். வலது கை அழகாக ஒலித்தது. இடது கையை வைத்ததும், கீழ்ச் சுரங்களில் ஒரு டர்ர்ர். தகரத்தின் மேல் வண்டு விழுந்து துடிப்பது மாதிரி. ஒலியைக் குறைத்தால் மறைந்தது. பாதிக்கு மேல் ஏற்றினால் மறுபடி டர்ர்ர். என் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, யே க்யா ஹை, என்ன இது?" என்றாள்.

உடனே அவனுக்குப் போன் செய்தேன். "நீங்கதானே அரை மணி நேரம் செக் பண்ணீங்க?" என்றான். ஸ்பீக்கரைக் கேட்க விடவில்லையே என்றதற்கு, ஆட்டோவில் குலுங்கியிருக்கும் என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மறுநாள் எனக்கு விடுப்பு நாள். என் வீட்டுக்காரரும் லீவு போட்டார். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினோம். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்: "பிள்ளையும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. அவன் பொய் சொல்லுதான்."

கதவைத் திறந்தது அவன் மனைவி. இடுப்பில் குழந்தை, அதன் நெற்றியில் ஈரத்துணி. என் கை தானாகவே குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது. காய்ச்சல் உண்மைதான்.

கீபோர்டை அவளிடம் காட்டி, இடது பக்கம் அதிர்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் சாதாரணமாக, "அந்தச் சத்தமா? அது ஹோலியிலிருந்தே இருக்கே" என்றாள்.

உள்ளேயிருந்து வந்த கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள்.

"இப்ப என்ன சொல்றீங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"பழைய பொருள் பழைய பொருள்தான், தீதி. பார்த்து வாங்கிட்டுப் போனீங்க. ரிட்டர்ன் கிடையாது."

என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "வாங்க, போவோம்" என்றேன். அவருக்கு என் மேல்தான் கோபம். உண்மை தெரிந்துவிட்டது, அவள் வாயாலேயே வந்தும்விட்டது. ஆனால் கீபோர்டு எங்கள் கையில்தான் இருந்தது. கீழே இறங்கும்போது படிமுனையில் அதன் மூலை இடித்தது. அழுகை வந்தது எனக்கு.

அடுத்த சனிக்கிழமை பழைய தில்லியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் அடிப்பலகையின் திருகுகளைக் கழற்றி, இடது ஸ்பீக்கரைக் காட்டினார். காகிதக் கூம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அதன் மேல் யாரோ பசை தடவி ஒட்டப் பார்த்திருந்தார்கள். காய்ந்து மஞ்சளாகிக் கிடந்தது. இதே கம்பெனி ஸ்பீக்கர் கிடைக்காது, அளவு பொருந்துகிற வேறொன்று போடலாம் என்றார். போட்டார். டர்ர்ர் நின்றது. ஆனால் இடது பக்கம் கொஞ்சம் மெலிந்துதான் ஒலிக்கிறது. வலப்பக்கத்தோடு ஒத்துப் போகவில்லை.

"ஸ்பீக்கர்ல கேட்காம யாராவது வாங்குவாங்களா மேடம்?" என்றார் அவர், திருகை முடுக்கிக்கொண்டே.

குழந்தை தூங்கியது என்று சொல்ல வந்தேன். அதைச் சொன்னால் நான் அசடாகத் தெரிவேனா, நல்லவளாகத் தெரிவேனா என்று எனக்கே புரியவில்லை. கீபோர்டைப் போர்வையில் சுற்றிக் கட்டினேன்.