கத்தரின் அக்கா எழுதிய பன்னிரண்டு மணி

கத்தரின் அக்காவின் மின்னஞ்சல் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கே வெளிநாட்டில், ஸ்பிரிங்வேலில் ஒரு இறுதிச்சடங்கு நிறுவனத்தில் அவருக்குப் பதினொரு வருடமாக வேலை. சவப்பெட்டியை ஊருக்குப் போகும் விமானத்தில் ஏற்றிவிடும் சரக்கு முகவர் நான். அவர் தரும் கடைசி நேரத்தில் எப்போதும் இரண்டு மணித்தியாலம் ஒளிந்திருக்கும். எங்கள் சனம் பிந்தித்தான் வரும் என்று அந்த மன்னார் மனுஷிக்குத் தெரியும். எனக்கும் அது தெரியும்.

அந்தப் புதன் பின்னேரம் வந்ததும் வழமைபோல ஒழுங்கான கடிதம்தான். இறந்தவர் நிதுஷன், கிளேட்டனில் படித்த பிள்ளை, கார் விபத்து. பெட்டியின் எடை, நீள அகலம், கொழும்பில் பொறுப்பேற்கும் தகப்பனின் பெயர், தொலைபேசி. இணைப்பில் மரணச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், பெட்டி முத்திரையிட்ட உறுதிமொழி, கடவுச்சீட்டுப் பிரதி. வெள்ளி இரவு விமானம். கீழே தடித்த எழுத்தில்: 'விமானச் சரக்குச் சீட்டு இலக்கம் வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள் வேண்டும். அது இல்லாமல் தூதரக அலுவலகம் அனுமதிக் கடிதம் தராது. பன்னிரண்டரைக்குப் பூட்டுவார்கள். வெள்ளி விடுமுறை. இது உண்மையான நேரம்.'

கடைசி வரியை வாசித்துவிட்டு, அக்கா புதுசாய் ஒரு வித்தை பிடித்திருக்கிறா என்று நினைத்தேன். மடையன்.

விமான நிறுவனம் வியாழன் காலை பதினொன்றுக்கே இடத்தை உறுதிசெய்து இலக்கத்தையும் தந்துவிட்டது. இரண்டு மணிவரை நேரம் இருக்கிறதுதானே என்று போனை மேசையில் வைத்துவிட்டு, கிடங்கில் வேறொரு சரக்கைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து ஒன்றேகாலுக்கு இலக்கத்தை அனுப்பினேன். போனில் அவருடைய அழைப்புகள் ஏழு.

உடனே அவருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் திட்டவில்லை.

"பூட்டிப்போட்டாங்கள் சிறி. பெடியன்ர தாய்க்குப் புற்றுநோய், டொக்டர் நாள் குறிச்சிட்டார். ஒருக்கா முகத்தைப் பாக்கோணும் எண்டுதான் அவ உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறா. கோதாரி, அதை நான் உமக்கு எழுதேல்லை."

அடுத்த இடம் புதன் விமானத்தில்தான் கிடைத்தது. பிழை என்னுடையது என்று தகப்பனிடம் சொல்லும்படி அக்காவிடம் கெஞ்சினேன். அவரோ, இத்தனை வருடமாகப் பொய் நேரம் எழுதியது தான்தான் என்று, பிழையைத் தன்னுடையதாகவே தகப்பனிடம் சொல்லிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அவர் மேலும் என் மேலும்.

ஞாயிறு காலை தாய் போய்விட்டா.

செவ்வாய்க்கிழமை தூதரகத்தின் அனுமதிக் கடிதத்தோடு நான் அவருடைய அலுவலகத்தில் இருந்தபோது மன்னாரில் இருந்து தகப்பன் அழைப்பு எடுத்தார். அக்கா எனக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, அவவை இன்னும் அடக்கேல்லை. ரெண்டு பேரையும் ஒண்டா வைப்பம் எண்டு இருக்கிறம். நாளைக்கு ஏத்துவியள்தானே?"


அக்கா போனை என் பக்கம் தள்ளினார். ஓம் என்று நான்தான் சொன்னேன்.